ஏழு நாளில் எல்லாம் வேண்டும் என்கிறார்கள், என்னிடம் பாதிதான் இருக்கிறது

வாசகியின் கடிதம்

ஐயா, வணக்கம். கோவையில் மூன்று சிஎன்சி லேத் வைத்து, பம்புக்கான பித்தளை புஷ், ஸ்லீவ் கடைந்து கொடுக்கிறோம். என் பெயரில் உள்ள தனியுரிமை நிறுவனம். ஆள் எட்டுப் பேர். போன வருஷ விற்றுமுதல் ஒரு கோடியே எழுபது லட்சம், எல்லாம் பேங்க் வழிதான். ஒரு பெரிய பம்ப் கம்பெனி சாம்பிள் பார்த்துவிட்டு, வெண்டார் பதிவுக்கு 7 நாளில் எல்லா ஆவணமும் ஏற்றச் சொல்கிறது. பான், ஜிஎஸ்டி, உத்யம், கேன்சல் செக் இருக்கின்றன. ஆடிட் செய்த மூன்று வருஷ பேலன்ஸ் ஷீட், ஐஎஸ்ஓ, பிஎஃப், இஎஸ்ஐ இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவாணை, கணபதியில் இருந்த பழைய ஷெட்டுக்கு வாங்கியது. எட்டு மாதம் முன்பு அரசூருக்கு மாறிவிட்டோம். ஜிஎஸ்டியிலும் பழைய முகவரிதான். ஒருவர் மூன்று நாளில் ஐஎஸ்ஓ தருகிறேன் என்கிறார். இன்னொருவர் தன்னுடைய பிஎஃப் கோடைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார். "எல்லாம் இரண்டு வாரத்தில் தருகிறேன்" என்று எழுதிவிடலாமா? இல்லை என்றால் வாய்ப்பு போய்விடுமே. ஆர்டரை நம்பி இரண்டு லட்சத்துக்குப் பித்தளை ராடு சொல்லி வைத்திருக்கிறேன். படிவத்தில் பணம் 90 நாள் என்று வேறு போட்டிருக்கிறது.

— வாசகி, கோவை

பதில்

சகோதரி, அந்த "இரண்டு வாரம்" மெயிலை அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால், இன்றே திருத்தி இன்னொன்று அனுப்புங்கள். நான் இருபது வருஷத்துக்கு மேல் வாங்குகிற பக்கத்தில், வெண்டார் மேம்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவன். இப்படிப்பட்ட படிவங்களை அனுப்பியதும் நான்தான், வரும் பதிலைப் பார்த்து முடிவு செய்ததும் நான்தான். அதனால் அந்த மேஜையில் என்ன நடக்கும் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

உங்களுக்கு வந்திருப்பது எல்லோருக்கும் போகிற ஒரே படிவம். உருக்காலைக்கும் அதுதான், அட்டைப்பெட்டி செய்கிறவருக்கும் அதுதான். எட்டு ஆள் வேலை செய்கிற ஒரு பட்டறையில் அத்தனை ஆவணமும் இருக்காது என்று அனுப்பியவருக்கே தெரியும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அவர் ஏதோ ஒன்றை எழுதியாக வேண்டும்: வந்தது, பொருந்தாது, இன்ன தேதியில் வரும். இந்த மூன்றில் எதை எழுதினாலும் கோப்பு நகரும். நீங்கள் வெறுமனே விட்ட வரியில்தான் அவர் மாட்டிக்கொள்கிறார். ஏழு நாள் கெடு உங்கள் பதிலுக்கானது. எல்லா ஆவணமும் அதற்குள் கையில் வந்துவிட வேண்டும் என்று அதற்குப் பெரும்பாலும் பொருள் இல்லை. "எந்தெந்த ஆவணம் இருந்தால் வெண்டார் கோடு திறக்க முடியும்?" என்று அவரிடமே போன் செய்து கேளுங்கள். அதைக் கேட்பதில் ஒரு தப்பும் கிடையாது.

என் அனுபவத்தில் கோடு திறக்கக் கட்டாயமானவை பான், ஜிஎஸ்டி, வங்கி விவரம், உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு ஆகிய நான்குதான். கணினியில் சப்ளையர் பதிவை உருவாக்கவும் பணம் அனுப்பவும் இவை இல்லாமல் முடியாது. மீதி எல்லாம் ஒப்புதலுக்கானவை. அவற்றுக்குத் தேதி கொடுத்தால் பல இடங்களில் தற்காலிகக் கோடு தருவார்கள், இல்லையென்றால் ஒரு முறை வாங்கும் கோடு போட்டு முதல் லாட்டை எடுத்துக்கொள்வார்கள். உங்களிடம் அந்த நான்கும் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்குள்ளேயே ஒரு சிக்கல் இருக்கிறது, நீங்கள் அதைச் சின்ன விஷயமாக எழுதியிருக்கிறீர்கள்.

முடிச்சு முகவரியில் இருக்கிறது

கடிதத்தைப் படித்ததும் எனக்கு உறுத்தியது ஐஎஸ்ஓ இல்லாதது அல்ல. ஜிஎஸ்டி சான்றிதழில் கணபதி, இயந்திரம் ஓடுவது அரசூரில் என்பதுதான். அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு நாள் ஆள் வந்து பட்டறையைப் பார்ப்பார்கள். சான்றிதழில் உள்ள இடத்தில் வேறு யாரோ இருப்பார்கள். உங்கள் பில்லை நம்பி வரி வரவு எடுக்கப்போகிற அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கு அது பெரிய நெருடல். ஐஎஸ்ஓ இல்லாததை அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். தொழில் நடக்கும் இடமே சான்றிதழோடு ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

முதன்மைத் தொழிலிடம் மாறினால் 15 நாளுக்குள் ஜிஎஸ்டி தளத்தில் திருத்த விண்ணப்பம் போட வேண்டும். படிவத்தின் பெயர் `GST REG-14`. உங்களுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது. தாமதத்துக்கு அபராதம் கேட்க இடமுண்டு, ஆகவே விண்ணப்பத்துக்கு முன் உங்கள் கணக்காளரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம், இன்னும் ஒரு மாதம் போனால் நிலைமை மோசமாகத்தான் ஆகும்.

விண்ணப்பித்ததும் விண்ணப்ப எண் ஒன்று வரும். அதிகாரி 15 வேலை நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும் என்பது விதி. சந்தேகம் இருந்தால் அவர் `REG-03` படிவத்தில் கேள்வி அனுப்புவார், நீங்கள் 7 வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். வாடகை ஷெட்டில் இந்தக் கேள்வி அடிக்கடி எங்கே வருகிறது தெரியுமா? வாடகை ஒப்பந்தம் ஒருவர் பெயரில் இருக்கும், கரண்ட் பில் அவருடைய அப்பா பெயரில் இருக்கும். அரசூர் ஷெட்டின் கரண்ட் பில்லும் சொத்து வரி ரசீதும் யார் பெயரில் இருக்கின்றன என்று இன்றைக்கே பாருங்கள். பெயர் மாறியிருந்தால் உரிமையாளரிடம் சம்மதக் கடிதமும் உறவைக் காட்டும் தாளும் வாங்கி, முதல் முறையிலேயே சேர்த்து ஏற்றுங்கள். இதைச் செய்தால் இரண்டு மூன்று வாரம் மிச்சம்.

உத்யமில் முகவரி மாற்றம் சுலபம். `udyamregistration.gov.in` தளத்தில் உங்கள் கைபேசிக்கு வரும் எண்ணைப் போட்டு நீங்களே திருத்தலாம், கட்டணம் எதுவும் இல்லை. யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

இசைவாணைக்கும் இதே கதைதான். வாரியம் ஆணை தருவது ஓர் இடத்தில் நடக்கும் ஒரு தொழிலுக்கு. கணபதி ஆணையில் இன்னும் காலம் மிச்சம் இருந்தாலும் அரசூரில் அது செல்லாது. நீங்கள் போட வேண்டியது புதிய விண்ணப்பம், புதுப்பித்தல் அல்ல. மாசு அளவைப் பொறுத்து வாரியம் தொழில்களை வண்ண வகைகளாகப் பிரிக்கிறது. பழைய ஆணையில் உங்கள் தொழில் எந்த வண்ண வகையில் வைக்கப்பட்டது என்று எழுதியிருக்கும். அதை எடுத்துக்கொண்டு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கு ஒரு நடை போய், இப்போதைய வகைப்பாட்டைக் கேளுங்கள். பெயின்ட், முலாம், சூட்டுப் பதப்படுத்தல் எதுவும் இல்லாத வேலைக்கு வகை இலேசானதாக இருக்க வாய்ப்புண்டு. வெள்ளை வகைக்குள் வந்தால் இசைவாணையே தேவையில்லை, தெரிவித்தால் போதும். ஆனால் நீங்கள் கூலன்ட், கட்டிங் ஆயில் ஊற்றிக் கடைகிறீர்கள். அதை மறைக்காமல் சொல்லி, கழிவு எண்ணெய் எங்கே போகிறது என்பதற்கும் பதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஆணை வேண்டும் என்றால் வாடகை ஒப்பந்தம், இயந்திரப் பட்டியல், ஷெட் வரைபடம், சொத்து மதிப்புக்குச் சிஏ சான்று எல்லாம் தேவைப்படும். அந்த நிலம் தொழில் பயன்பாட்டுக்கு வகைப்படுத்தப்பட்டதா என்ற கேள்வியும் வரும். அதற்கான தாள் ஷெட் உரிமையாளரிடம் இருக்கிறதா என்று பாருங்கள். காலதாமதம் பெரும்பாலும் அந்த ஒரு தாளில்தான்.

இந்த வேலையை அந்தக் கம்பெனிக்காக மட்டும் செய்வதாக நினைக்க வேண்டாம். அவர்கள் நாளைக்கே பின்வாங்கினாலும் அரசூரில் இயந்திரம் ஓடுகிற வரை இது உங்கள் தலைமேல் இருக்கிற பொறுப்பு.

இன்னொரு சின்ன விஷயம். தனியுரிமை நிறுவனத்தில் பான் உங்கள் பெயரில் இருக்கும், வங்கிக் கணக்கு கம்பெனி பெயரில் இருக்கும். பல கம்பெனிகளின் தளம் ஒரு ரூபாய் அனுப்பிப் பெயரைச் சரிபார்க்கும், இரண்டும் வேறாக இருந்தால் தானாகவே தள்ளிவிடும். "இந்தக் கணக்கின் உரிமையாளர் இன்னார், இது அவருடைய தனியுரிமை நிறுவனம்" என்று வங்கி மேலாளரிடம் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கிக் கேன்சல் செக்கோடு சேர்த்து ஏற்றுங்கள்.

இல்லாததும் பொருந்தாததும்

உங்கள் பட்டியலில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. பிஎஃப் சட்டம் பொதுவாக 20 பேர் இருந்தால் பொருந்தும், இஎஸ்ஐ 10 பேர் இருந்தால். எட்டுப் பேருக்கு இரண்டும் கட்டாயமில்லை. ஆகவே நீங்கள் ஒன்றையும் தவறவிடவில்லை. "எங்கள் பணியாளர் எண்ணிக்கை 8, ஆகையால் பொருந்தாது. வரம்பைத் தொட்டதும் பதிந்து தெரிவிப்போம்" என்று ஒரு பக்கக் கடிதம் போதும். ஆனால் எண்ணும்போது சரியாக எண்ணுங்கள். பிசிறு எடுக்கவும் பேக்கிங்குக்கும் கான்ட்ராக்டர் மூலம் ஆள் வந்தால் அவர்களும் கணக்கில் வருவார்கள். எட்டோடு மூன்று சேர்ந்து பதினொன்று என்றால் இஎஸ்ஐ பொருந்திவிடும். அப்படி இருந்தால் பொருந்தாது என்று எழுதாதீர்கள், பதிவு செய்துவிடுங்கள். இணையத்திலேயே முடிகிற வேலை. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு உங்கள் பங்கு 3.25 சதவீதம், அவர்கள் பங்கு 0.75 சதவீதம்.

அடுத்தவர் பிஎஃப் கோடைப் போடுகிற யோசனையை இந்த நிமிஷமே விட்டுவிடுங்கள். அந்தக் கோடு யாருடைய நிறுவனம் என்று இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். உங்களுக்குத் தேவையே இல்லாத ஓர் ஆவணத்துக்காகப் பொய் சொன்னவர் என்ற பெயர் ஏன்?

ஆடிட் விஷயத்திலும் உங்களுக்குக் குற்ற உணர்வு வேண்டாம். வியாபாரத்தில் ரொக்க வரவும் ரொக்கச் செலவும் தனித்தனியே 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால், வரித் தணிக்கை வரம்பு 10 கோடி. ஒரு கோடியே எழுபது லட்சம் அதற்கு வெகு கீழே. தனியுரிமை நிறுவனத்துக்குக் கம்பெனிச் சட்டத் தணிக்கையும் கிடையாது. ஆடிட் அறிக்கை இல்லாதது சட்டப்படி குறையாகாது என்றே தெரிகிறது. உங்கள் கணக்காளரிடம் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்குப் பதிலாக மூன்று வருஷ வருமான வரி விவரணையும், சிஏ கையெழுத்திட்ட பேலன்ஸ் ஷீட், லாப நட்டக் கணக்கும் கொடுங்கள். கையெழுத்தோடு யூடிஐஎன் என்கிற 18 இலக்க எண் இருக்க வேண்டும், வாங்குபவர் அதை `udin.icai.org` தளத்தில் சரிபார்ப்பார்.

இதில் ஒரு எச்சரிக்கை. "மூன்று வருஷத்துக்கும் பழைய தேதி போட்டு ஆடிட் ரிப்போர்ட் அடித்துத் தருகிறேன்" என்று யாராவது சொல்லக்கூடும். கையெழுத்திட்ட 60 நாளுக்குள் அந்த எண்ணை எடுத்தாக வேண்டும். 2023 தேதியிட்ட அறிக்கைக்கு இப்போது எண் எடுக்க வழியில்லை. எண் இல்லாத தாளை யாரும் ஏற்கமாட்டார்கள்.

மூன்று நாள் ஐஎஸ்ஓ

ஐஎஸ்ஓ 9001 என்பது ஒரு முறைப்படி தொழில் நடக்கிறது என்பதற்கான சான்று. நடந்திருக்க வேண்டும், நடந்ததற்குப் பதிவு இருக்க வேண்டும். எந்த மைக்ரோமீட்டர் எப்போது கேலிபரேஷன் ஆனது, தள்ளுபடியான புஷ்ஷுக்குக் காரணம் என்ன, சரி செய்ய என்ன செய்தீர்கள் என்பதெல்லாம் சில மாதங்களாவது எழுதி வைத்திருக்க வேண்டும். உள் தணிக்கையும் நிர்வாக மறுஆய்வும் ஒரு சுற்று முடிய வேண்டும். அப்புறம்தான் சான்றளிக்கும் நிறுவனம் இரண்டு கட்டமாகத் தணிக்கைக்கு வரும். மூன்று நாளில் கிடைப்பது இது எதுவும் நடக்காத ஒரு தாள்.

அந்தத் தாளைக் கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. அங்கீகாரம் உள்ள சான்றிதழ்களை `iafcertsearch.org` தளத்தில் கம்பெனி பெயர் போட்டுத் தேடலாம். சான்றிதழில் அங்கீகார அமைப்பின் முத்திரை இருக்கும், இந்தியாவின் அங்கீகார அமைப்பு என்ஏபிசிபி. நான் வேலையில் இருந்தபோது ஒரு சப்ளையர் இப்படி வாங்கிய சான்றிதழைக் கொடுத்தார். வேலை அருமையாகச் செய்வார். இரண்டாம் வருஷம் ஒரு ரொட்டீன் சரிபார்ப்பில் அது வெளிப்பட்டது. அவருடைய பாகத்தில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் கோடை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அதைப் போனில் அவரிடம் சொன்னவன் நான். "இல்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தால் ஆறு மாதம் கொடுத்திருப்போமே" என்று சொன்னபோது அவர் பேசவில்லை. இன்றைக்கும் அது எனக்கு மறக்கவில்லை.

எட்டுப் பேர் உள்ள பட்டறையில், இப்போது தொடங்கினால், நேர்மையான ஐஎஸ்ஓவுக்கு ஐந்து ஆறு மாதம் ஆகும். ஆவணங்கள் எழுத ஒரு மாதம், பதிவுகளோடு ஓட்ட மூன்று மாதம், தணிக்கைக்கும் அதில் வரும் குறைகளைத் திருத்தவும் மீதி. அதுவரை அவர்களுக்குக் காட்ட வேறு ஏதாவது இருக்க வேண்டும். அளவுக் கருவிகளின் கேலிபரேஷன் சான்றுகள், பித்தளையின் டெஸ்ட் சர்டிபிகேட், அவர்கள் பார்த்த அதே சாம்பிளின் அளவு அறிக்கை, இவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். தரப் பிரிவுக்காரர் சான்றிதழைவிட அந்த அளவு அறிக்கையைத்தான் கவனித்துப் படிப்பார்.

தேதி போடும் முறை

ஒவ்வொரு ஆவணத்துக்கும் இரண்டு தேதி உண்டு. விண்ணப்பம் போடும் தேதி உங்கள் கையில். ஆணை வரும் தேதி அலுவலகத்தின் கையில். முதல் தேதியை உறுதியாகச் சொல்லுங்கள், இரண்டாவதை எதிர்பார்ப்பு என்று சொல்லி, ஒரு கேள்வி திரும்பி வந்தாலும் முடியும் அளவுக்குத் தள்ளிப் போடுங்கள். ஜிஎஸ்டிக்கு 15 வேலை நாள் என்றால் மூன்று வாரம். ஒரு கேள்வியும் பதிலும் நடுவில் வந்தால் அதோடு இன்னும் மூன்று வாரம் சேரும். ஆக, ஜூன் 10-ல் போட்ட விண்ணப்பத்துக்கு ஜூலை 1 என்று எழுதக்கூடாது, ஜூலை 22 என்று எழுத வேண்டும். முன்னாடியே வந்தால் நல்லது. வாங்குகிற பக்கத்தில் இருந்தவரை, தள்ளி வைத்த தேதிக்காக நான் யாரையும் நிராகரித்ததில்லை. மூன்று தடவை மாறிய தேதிக்காக நிராகரித்திருக்கிறேன்.

"இரண்டு வாரம்", "சீக்கிரம்" என்றெல்லாம் எழுதாமல் நாள் போடுங்கள். படிவம் வந்தது ஜூன் 8, நீங்கள் பதில் அனுப்புவது ஜூன் 12 என்று வைத்துக்கொண்டு ஒரு மாதிரி எழுதுகிறேன். ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள், விஷயம் இதுதான்:

> வணக்கம். வெண்டார் பதிவு தொடர்பான உங்கள் ஜூன் 8 மெயிலுக்குப் பதில்.
>
> இன்று ஏற்றியவை: பான், ஜிஎஸ்டி சான்றிதழ், உத்யம் சான்றிதழ் (புதிய முகவரி), கேன்சல் செக், வங்கிக் கடிதம், கேலிபரேஷன் சான்றுகள், சாம்பிள் அளவு அறிக்கை.
>
> முகவரி: எங்கள் உற்பத்தி இடம் எட்டு மாதம் முன்பு கணபதியிலிருந்து அரசூருக்கு மாறியது. ஜிஎஸ்டி சான்றிதழில் பழைய முகவரி உள்ளது. திருத்த விண்ணப்பம் ஜூன் 10 அன்று போட்டோம், விண்ணப்ப எண் இணைப்பில். திருத்திய சான்றிதழ் ஜூலை 22-க்குள் எதிர்பார்க்கிறோம்.
>
> பொருந்தாதவை: பிஎஃப், இஎஸ்ஐ. பணியாளர் 8 பேர். உறுதிமொழி இணைப்பில்.
>
> மாற்று ஆவணம்: வரித் தணிக்கை வரம்புக்குக் கீழே உள்ளதால் ஆடிட் அறிக்கை இல்லை. மூன்று வருஷ வரி விவரணையும் சிஏ சான்றளித்த நிதி அறிக்கையும் ஜூன் 22 அன்று தருகிறோம்.
>
> மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்: அரசூருக்கு இசைவாணை இன்னும் இல்லை. விண்ணப்பம் ஜூன் 26 அன்று போடுவோம், ஒப்புகையை அன்றே அனுப்புவோம். ஆணை செப்டம்பர் 30-க்குள் எதிர்பார்க்கிறோம்.
>
> ஐஎஸ்ஓ 9001: சான்றிதழ் இல்லை. வேலையை இந்த மாதம் தொடங்குகிறோம். முதல் கட்டத் தணிக்கை அக்டோபர் 31-க்குள், சான்றிதழ் டிசம்பர் 15-க்குள்.
>
> இந்த நிலையில் தற்காலிகப் பதிவு செய்து சோதனை லாட்டுக்கு ஆர்டர் தர இயலுமா என்றும், எந்த ஆவணம் இல்லாமல் பதிவு நிற்கும் என்றும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இதில் ஜூன் 10 விண்ணப்பம் நிஜமாகவே போட்ட பிறகுதான் மெயில் போக வேண்டும். "போடப்போகிறோம்" என்பதற்கும் விண்ணப்ப எண்ணுக்கும் அந்த மேஜையில் பெரிய வித்தியாசம்.

சில தளங்களில் ஐஎஸ்ஓ கட்டத்தில் ஏதாவது ஒரு கோப்பு ஏற்றாமல் அடுத்த பக்கம் போகாது. அங்கே வேறு ஒரு சான்றிதழை ஏற்றி ஒப்பேற்றிவிடாதீர்கள், வெறும் தாளும் வேண்டாம். ஐஎஸ்ஓ இல்லை, இன்ன தேதியில் வரும் என்ற கடிதத்தையே லெட்டர்ஹெட்டில் கையெழுத்திட்டு, `ISO9001_Not_Available_Timeline.pdf` என்று பெயர் வைத்து ஏற்றுங்கள். திறக்காமலே விஷயம் தெரியும், நாளைக்கு யாரும் ஏமாற்றினீர்கள் என்று சொல்ல முடியாது.

தேதி தவறப்போகிறது என்று தெரிந்தால், அந்தத் தேதிக்கு முன்பே எழுதுங்கள். செப்டம்பர் 30-க்கு இசைவாணை வராது என்று 20-ஆம் தேதி சொன்னால் அது தகவல். அக்டோபர் 5-ல் அவர் கேட்ட பிறகு சொன்னால் அவருக்குத் தன் மேலாளர் முன் பதில் இல்லை.

கையெழுத்துக்கு முன்

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் "எல்லாச் சட்டபூர்வ அனுமதிகளும் நடப்பில் உள்ளன" என்கிற மாதிரி ஓர் உறுதிமொழி இருக்கும். யாரும் படிக்காமல் கையெழுத்துப் போடும் பக்கம் அதுதான். இன்றைய நிலையில் நீங்கள் அப்படியே கையெழுத்திட்டால் அது பொய்யான உறுதிமொழி. "எங்கள் ஜூன் 12 மெயிலில் சொன்னவை நீங்கலாக" என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். தளத்தில் டிக் மட்டும்தான் போட முடியும் என்றால், டிக் போட்ட அன்றே அந்த வரியை மெயிலில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

90 நாள் விஷயம். நீங்கள் உற்பத்தி செய்கிறவர், உத்யமில் பதிந்தவர். 2025 ஏப்ரல் முதல் உள்ள வரம்புப்படி இயந்திர முதலீடு இரண்டரைக் கோடிக்குள், விற்றுமுதல் 10 கோடிக்குள் இருந்தால் குறு நிறுவனம். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாள்தான். எழுத்தில் ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். 90 நாளுக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டாலும் இந்த உரிமை போகாது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டு வட்டி கேட்கலாம். அதோடு குறு, சிறு நிறுவனத்துக்கு இந்தக் கெடுவுக்குள் பணம் தராத கம்பெனி, அந்தத் தொகையைக் கொடுத்த வருஷத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். அதனால் அவர்களுடைய கணக்குப் பிரிவே உங்கள் உத்யம் எண்ணைக் கேட்கும்.

உரிமை இருக்கிறது என்று முதல் மெயிலிலேயே சட்டப் பிரிவுகளை எழுதி அனுப்புவது எனக்கு உசிதமாகப் படவில்லை. உத்யம் சான்றிதழை இணைத்து, "நாங்கள் குறு உற்பத்தி நிறுவனம், பணக் கெடுவை 45 நாளாகப் பதிவு செய்ய வேண்டுகிறேன்" என்று ஒரு வரி போதும். பல இடங்களில் கணினியில் அந்தக் கட்டத்தை மாற்றினாலே முடிந்துவிடும். ஆனால் "நாங்கள் குறு, சிறு நிறுவனம் அல்ல" என்று எழுதிக் கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள். உங்கள் பாதுகாப்பு முழுவதையும் நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகும்.

கடைசியாக, அந்தப் பித்தளை ராடு. இன்னும் ஆர்டர் இல்லை, கோடு இல்லை, 90 நாளா 45 நாளா என்றும் முடிவாகவில்லை. இந்த நிலையில் உங்கள் இரண்டு லட்சம் அந்த ராடில் முடங்கக்கூடாது. ராடு வியாபாரியிடம் இன்றே பேசி, பர்ச்சேஸ் ஆர்டர் கையில் வந்ததும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். அதே விட்டத்தில் உங்கள் மற்ற வாடிக்கையாளர்களுக்கு ஓடுகிற அளவு இருந்தால் அதை மட்டும் எடுங்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தால், அந்தத் தொகைக்கு வேறு அளவு ராடாக மாற்றித் தருவாரா என்று கேளுங்கள். "ஆர்டர் வந்துவிடும், சரக்கை ரெடி பண்ணுங்கள்" என்று அந்தக் கம்பெனி ஆள் போனில் சொன்னால், அதையே மெயிலில் எழுதிவிடச் சொல்லிக் கேளுங்கள். எழுதமாட்டேன் என்றால் காத்திருங்கள்.